அப்பாவின் மாத்திரைகளைப் பொடித்துக் கொடுக்கலாமா?

வாசகி கேள்வி: என் அப்பாவுக்கு 73 வயது. நான்கு மாதத்திற்கு முன்பு பக்கவாதம் வந்தது. இப்போது விழுங்கச் சிரமப்படுகிறார். தண்ணீரில் அதைக் கெட்டியாக்கும் திக்கனர் பொடி கலந்துதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சாப்பாடு மசித்த கஞ்சிதான். காலையில் நிஃபெடிபின் எல்.ஏ. 30 மி.கி., கிளிக்லசைடு எம்.ஆர். 60 மி.கி., மேல்பூச்சு உள்ள அஸ்பிரின் 100 மி.கி., எசோமெப்ரசோல் 20 மி.கி. எடுக்கிறார். ஒருநாள் டயப்பரில் நிஃபெடிபின் மாத்திரை முழுசாகக் கிடந்தது. செரிக்காமலே போகிறதே என்று பயந்து, அன்றிலிருந்து நானும் பணிப்பெண்ணும் எல்லா மாத்திரையையும் ஒன்றாக இடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறோம். வயிற்றுக்குள் போனால் எப்படியும் கரையத்தானே போகிறது? ஆனால் எட்டு மணிக்குக் கொடுத்தால் பத்து மணிக்கெல்லாம் முகம் சிவந்து தலை சுற்றுகிறது என்கிறார். போன வாரம் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் 96/54, சர்க்கரை 3.6 இருந்தது. மாலையிலோ அழுத்தம் 170ஐத் தாண்டுகிறது. மருந்து போதவில்லையா, கூடிவிட்டதா? மூட்டு வலிக்கு நுரைத்துக் கரையும் பாரசிட்டமால் ஒரு நாளைக்கு மூன்று கொடுக்கிறேன். அது மட்டும் சுலபமாக இறங்குகிறது. இன்னொன்று: அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. மென்று சாப்பிடச் சொன்ன லாந்தனம் மாத்திரையை, பல்செட் வலிக்கிறது என்று அப்படியே விழுங்கிவிடுகிறார். பரவாயில்லையா?
– ஈசூன் வாசகி

மருந்தாளர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மருந்தின் அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பொடித்துக் கொடுப்பதால், ஒரு நாள் முழுவதற்கும் உரிய மருந்து காலை இரண்டு மணி நேரத்துக்குள் உடலில் இறங்கிவிடுகிறது. மாலைக்கு மிச்சம் இருப்பதில்லை. பத்து மணி 96ம் மாலை 170ம் ஒரே காரணத்தின் இரு முனைகள். நீங்கள் நேரத்தோடு குறித்து அனுப்பியதால்தான் இதைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது. மாலை அளவை மட்டும் மருத்துவரிடம் சொல்லியிருந்தால், "மருந்து போதவில்லை" என்று நிஃபெடிபின் அளவைக் கூட்டியிருக்க வாய்ப்புண்டு. அதையும் பொடித்துக் கொடுத்திருந்தால் காலைச் சரிவு இன்னும் மோசமாகியிருக்கும்.

டயப்பரில் நீங்கள் பார்த்தது வெறும் கூடு

நிஃபெடிபின் எல்.ஏ. வகையில் பலவும் சாதாரண மாத்திரை போல வயிற்றில் கரைவதில்லை. வெளியே கரையாத, ஆனால் தண்ணீரை உள்ளே விடும் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதில் லேசரால் போட்ட ஒரு நுண்ணிய துளை. உள்ளே இரண்டு அடுக்குகள்: ஒன்று மருந்து, மற்றொன்று தண்ணீர் பட்டால் உப்பும் பொருள். குடலில் உள்ள ஈரம் சவ்வு வழியே மெல்ல உள்ளே போக, உப்பும் அடுக்கு மருந்து அடுக்கைத் துளை வழியாக வெளியே தள்ளுகிறது, ஊசிக் குழாயை யாரோ நாள் முழுதும் நிதானமாக அழுத்திக்கொண்டிருப்பது போல. மருந்து தீர்ந்தபின் சவ்வு மட்டும் அதே வடிவத்தில், அதே நிறத்தில் மலத்தோடு வெளியே வந்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு அதை அழுத்திப் பார்த்திருந்தால் மெத்தென்று அமுங்கியிருக்கும். உள்ளே மருந்து இருக்காது. மருந்து சரியாக வேலை செய்து முடித்ததற்கு அதுவே அடையாளம்.

அந்தச் சவ்வை உடைத்தால் என்ன ஆகிறது? நிஃபெடிபின் இயல்பிலேயே வேகமான மருந்து. பூச்சு இல்லாமல் உள்ளே போனால் அரைமணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும், பிறகு சில மணி நேரத்தில் பெரும்பகுதி வெளியேறிவிடும். உச்சத்தில் ரத்தக் குழாய்கள் சட்டென்று விரிகின்றன: முகம் சிவக்கும், தலை வலிக்கும், தலை சுற்றும், இதயம் படபடக்கும். பக்கவாதம் வந்த ஒருவருக்கு ரத்த அழுத்தம் இப்படித் திடீரென்று சரிவது வெறும் அசௌகரியம் அல்ல. மூளைக்குப் போகும் ரத்தம் குறையலாம், எழுந்து நிற்கும்போது விழலாம். நிஃபெடிபின் வெளிச்சம் பட்டால் சிதையும் மருந்தும்கூட; பொடித்துக் கஞ்சியில் வைத்திருக்கும் நேரம் அதற்கும் ஆகாது.

"வயிற்றுக்குள் போனால் கரையத்தானே போகிறது" என்ற எண்ணம் சாதாரண மாத்திரைகளுக்குச் சரி. எல்.ஏ., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல்., எஸ்.ஆர்., சி.ஆர்., எம்.ஆர்., ஈ.ஆர். என்று பெயரின் பின்னால் எழுத்துகள் ஒட்டியிருந்தால், எவ்வளவு வேகத்தில் கரைய வேண்டும் என்பதும் அந்த மருந்தின் அளவிலேயே சேர்ந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்த எழுத்துகள் இல்லாத மெது மாத்திரைகளும் உண்டு. ஆகவே எழுத்து இருந்தால் பொடிக்கக் கூடாது என்பது நிச்சயம். எழுத்து இல்லையென்றால் பொடிக்கலாம் என்று அர்த்தமில்லை.

சர்க்கரைக்கான கிளிக்லசைடு எம்.ஆர். வேறு உத்தியில் இயங்குகிறது. அதற்குச் சவ்வு கிடையாது. மாத்திரை முழுவதும் ஈரம் பட்டால் கூழாகும் ஒரு பொருளில் மருந்து பிசைந்து வைக்கப்பட்டிருக்கும். கூழ் மெல்லக் கரையக் கரைய மருந்து வரும். அதனால்தான் 60 மி.கி. மாத்திரையில் நடுவே கோடு போட்டிருந்தால் பாதியாக உடைக்க அனுமதி உண்டு: இரண்டு துண்டும் கூழாகவே இருக்கும். ஆனால் இடித்துவிட்டால் கூழாவதற்கு இடமே இல்லை; மருந்து காலையிலேயே மொத்தமாக வெளியாகி இன்சுலினைச் சுரக்கச் செய்யும். அப்பா அரைக் கிண்ணம் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் நாளில் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கச் சாப்பாடு போதாது. 3.6 அப்படி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். "பாதியாக உடைக்கலாம்" என்று பெட்டியில் இருந்தால் "பொடிக்கலாம்" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், இரண்டும் ஒன்றல்ல.

நாளைக் காலைக்கு முன்னால்

நிஃபெடிபினையும் கிளிக்லசைடையும் இனி ஒரு வேளைகூடப் பொடித்துக் கொடுக்காதீர்கள். ஆனால் நீங்களாக நிறுத்திவிட்டு அடுத்த மருத்துவச் சந்திப்புக்குக் காத்திருக்கவும் வேண்டாம். மருந்து கொடுத்த பலதுறை மருந்தகத்தையோ மருத்துவமனை மருந்தகத்தையோ அடுத்த வேளைக்கு முன்பே தொலைபேசியில் கூப்பிடுங்கள். அதற்குள் ஒரு வேளை கடந்துவிட்டால், இந்த இரண்டைப் பொறுத்தவரை பொடித்துக் கொடுப்பதைவிட அந்த ஒரு வேளையை விடுவது ஆபத்துக் குறைவு. அன்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கூடுதலாகப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

அஸ்பிரினை மட்டும் விட்டுவிடாதீர்கள். மறுபடி பக்கவாதம் வராமல் காப்பது அதுதான். அதைப் பொடித்தால் வயிற்றுப் பாதுகாப்புதான் போகும், மருந்தின் வேலை போகாது. மாற்று கிடைக்கும்வரை ஓரிரு நாள் சாப்பாட்டோடு பொடித்துக் கொடுக்கலாம்.

சர்க்கரை 4.0க்குக் கீழே இறங்கினால், அப்பா நல்ல விழிப்போடு இருக்கிறார் என்றால், 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். இங்கேயும் திக்கனர் மறக்கக் கூடாது. அவசரத்தில் வெறும் சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போகலாம். அரைமயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் கொடுக்காமல் 995ஐ அழையுங்கள். ரத்த அழுத்தம் 90க்குக் கீழே போய்த் தள்ளாடினாலும், பேச்சு குழறினாலும், முகம் கோணினாலும் அதே எண்தான்.

மாற்றிக் கேட்க வேண்டிய மருந்துகள்

மருந்தாளர் தம் விருப்பத்துக்கு நிஃபெடிபினை வேறு மருந்தாக மாற்ற முடியாது. மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஆனால் மருந்தாளர் மருத்துவரிடம் பேசி மாற்றச் சொல்ல முடியும், அது அவர்களுடைய அன்றாட வேலைதான். "அப்பாவால் முழுசாக விழுங்க முடியவில்லை, வீட்டில் பொடித்துவிட்டோம்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பொடித்ததை மறைத்தால், அந்த 170 எதனால் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

நிஃபெடிபின் எல்.ஏ.வுக்குப் பதிலாகப் பெரும்பாலும் அம்லோடிபின் பரிசீலிக்கப்படும். இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் அம்லோடிபின் உடலிலிருந்து பாதி வெளியேறவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நீடித்து வேலை செய்யும் தன்மை மருந்திலேயே இருக்கிறது, மாத்திரையின் கட்டமைப்பில் இல்லை. ஆகவே சாதாரண அம்லோடிபின் மாத்திரையைப் பொடித்தாலும் அது நாள் முழுதும் நின்று வேலை செய்யும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு மாற்று தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: மெதுவாக்குவது மருந்தா, மாத்திரையா?

கிளிக்லசைடுக்கும் சாதாரண 80 மி.கி. மாத்திரை உண்டு. அதைப் பொடிக்கலாம், ஆனால் எண்ணைப் பார்த்து நீங்களே மாற்றிவிட முடியாது. எம்.ஆர். 30 மி.கி. ஏறக்குறைய சாதாரண 80 மி.கி.க்குச் சமம் என்பதே வழக்கமான கணக்கு. அப்படியானால் அப்பாவின் 60க்கு ஈடாக வருவது 160. அவருக்கு 3.6 வந்திருக்கிறது, சாப்பாடும் குறைந்திருக்கிறது. எனவே மருத்துவர் அந்தக் கணக்கை அப்படியே போடாமல் குறைவாகத் தொடங்கலாம், அல்லது சர்க்கரையைக் கீழே தள்ளாத வேறு மருந்துக்கே போகலாம். பக்கவாதத்துக்கு முன்பு அவர் சாப்பிட்டது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

ஒரே மாதிரிப் பூச்சு, இரண்டு காரணங்கள்

அஸ்பிரின் மேலுள்ள பூச்சும் எசோமெப்ரசோலில் உள்ள பூச்சும் ஒரே வகை. வயிற்று அமிலத்தில் கரையாது. அமிலம் குறைந்த சிறுகுடலுக்குப் போன பிறகே கரையும். அஸ்பிரினில் அது மருந்திடமிருந்து வயிற்றைக் காக்கிறது. எசோமெப்ரசோலில் தலைகீழ்: வயிற்றிடமிருந்து மருந்தைக் காக்கிறது. எசோமெப்ரசோல் வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் மருந்து, ஆனால் அதையே அமிலம் சிதைத்துவிடும். இடித்துக் கொடுத்தால் பெரும்பகுதி குடலுக்குப் போவதற்கு முன்பே வீணாகிவிடும். அப்பாவுக்கு இது உடனே வெளியே தெரியாது. பல நாள் கழித்து நெஞ்செரிச்சலாகவோ, அஸ்பிரின் வயிற்றைப் புண்ணாக்கிக் கருப்பு மலமாகவோதான் தெரியும். கடந்த சில வாரங்களில் மலம் தார் போலக் கருத்திருந்ததா என்று பணிப்பெண்ணிடம் கேளுங்கள். இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அஸ்பிரினுக்கு விடை எளிது. பூச்சில்லாத 100 மி.கி. அஸ்பிரினோ, தண்ணீரில் கலைந்துவிடும் வகையோ வாங்கிக்கொள்ளலாம். பூச்சு போனால் ரத்தக் கசிவு வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பூச்சு வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் குறைக்கலாம். பெரிய ரத்தக் கசிவைத் தடுப்பதாக அதை நம்ப முடியாது. அந்த வேலையை எசோமெப்ரசோல்தான் செய்ய வேண்டும். அதனால்தான் அதைக் கெடுக்காமல் கொடுப்பது முக்கியம்.

எசோமெப்ரசோலில் ஒரு சிக்கல் உண்டு. சில நிறுவனங்களின் மாத்திரைக்குள் நூற்றுக்கணக்கான நுண்மணிகள் இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் தனித்தனிப் பூச்சு. அந்த வகையை அரை டம்ளர் வெறும் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் மாத்திரை உதிர்ந்து மணிகள் மிதக்கும். 30 நிமிடத்துக்குள், மணிகளைக் கடிக்காமல், அப்படியே குடித்துவிட்டு, டம்ளரில் ஒட்டிய மணிகளையும் இன்னும் அரை டம்ளர் தண்ணீரால் அலசிக் குடிக்க வேண்டும். பாலில் போடக் கூடாது: பாலில் அமிலம் குறைவு, பூச்சு டம்ளரிலேயே கரையத் தொடங்கிவிடும். சோடா நீரிலும் வேண்டாம். வேறு நிறுவனங்களின் மாத்திரையில் முழு மாத்திரைக்கும் ஒரே பூச்சு இருக்கும். அதை எதிலும் கலக்க முடியாது. பெயரும் அளவும் ஒன்றாக இருந்தாலும் கடந்த முறை வந்த பெட்டிக்கும் இந்த முறை வந்த பெட்டிக்கும் வித்தியாசம் இருக்கலாம். இரண்டும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

ஆனால் அப்பாவுக்கு அரை டம்ளர் வெறும் தண்ணீர் கொடுக்க முடியாதே. அவருக்குப் பொருத்தமானது, எசோமெப்ரசோலின் குடும்பத்தைச் சேர்ந்த, உள்ளே பூச்சுப் போட்ட மணிகள் இருக்கும் ஒமெப்ரசோல் கேப்ஸ்யூல். திறக்க அனுமதி உள்ள வகையாகக் கேட்டு வாங்கி, கேப்ஸ்யூலைத் திறந்து மணிகளை ஒரு தேக்கரண்டி மசித்த ஆப்பிளின் மேல் தூவி, உடனே விழுங்கச் செய்யலாம். ஆப்பிளின் புளிப்பில் பூச்சு கரையாது. சூடான கஞ்சியில் கலக்க வேண்டாம். அவர் மெல்லும் பழக்கம் உள்ளவரானால் முதலில் மணி இல்லாத மசித்த ஆப்பிளைக் கொடுத்து, மெல்லாமல் விழுங்குகிறாரா என்று பாருங்கள். காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு கொடுங்கள். இன்னொரு வழி, பொட்டலத்தில் வரும் எசோமெப்ரசோல் குருணை. 10 மி.கி. பொட்டலத்தை 15 மி.லி. தண்ணீரில் கலந்து சில நிமிடம் விட்டால் அதுவே கெட்டியாகும். அந்தக் கெட்டி அப்பாவுக்குப் போதுமா என்பதை, விழுங்குவதையும் சோதிக்கும் பேச்சு சிகிச்சையாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சுலபமாக இறங்குவதாக நீங்கள் நினைக்கும் பாரசிட்டமால்

இதில்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் இது பிரச்சினை போலவே தெரியாது. நுரைக்கும் மாத்திரை என்பது சிட்ரிக் அமிலமும் சோடா உப்பும் சேர்ந்தது. தண்ணீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து கரியமில வாயுவாக நுரைத்து மருந்தைக் கரைக்கின்றன. அந்தச் சோடா உப்போடு சோடியமும் வருகிறது. 500 மி.கி. பாரசிட்டமால் நுரை மாத்திரை ஒன்றில் ஏறக்குறைய 400 மி.கி. சோடியம் இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று என்றால் 1,200. ஒருவர் ஒரு நாளில் உணவிலிருந்து எடுக்கலாம் என்று சொல்லும் 2,000 மி.கி. வரம்பில் பாதிக்கு மேல் வலி மாத்திரையிலேயே தீர்ந்துவிடுகிறது. ரத்த அழுத்தம் அதிகமுள்ளவருக்கு இது கூடாது. மாலை 170இல் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

மற்றொன்று, அது கரைந்த பிறகு வெறும் தண்ணீர்தான். அதில் திக்கனர் கலக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கலக்காமல் கொடுத்தால், சுலபமாக இறங்கியதாகத் தோன்றுவது இருமல் வராமலே நுரையீரல் பக்கம் போயிருக்கவும் கூடும். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு இருமல் உணர்வே மங்கியிருக்கும். குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரத்தால், அன்று மாலை காய்ச்சல் வந்தால், மூச்சு வேகமானால் அலட்சியம் செய்யாதீர்கள்.

அவருக்குச் சாதாரண பாரசிட்டமால் 500 மி.கி. மாத்திரையைப் பொடித்து மசித்த உணவில் கொடுப்பதே நல்லது, அல்லது 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ள திரவத்தில் 10 மி.லி., தேவையான கெட்டிக்குக் கொண்டுவந்து கொடுக்கலாம். கடையில் வாங்கும்போது 665 மி.கி. என்று போட்டிருக்கும் பாரசிட்டமாலை எடுத்துவிடாதீர்கள். மூட்டு வலிக்கென்றே அடுக்கில் பக்கத்தில் இருக்கும். அது மெதுவாக வெளியாகும் வகை, பொடிக்கக் கூடாது.

வீட்டில் மற்றவர்கள் நுரை மாத்திரை எடுப்பதானால்: ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரில் போட்டு, நுரை முழுவதும் அடங்கியபின் உடனே குடிக்க வேண்டும். மாத்திரையை நேராக வாயில் போட்டு உறிஞ்சவோ விழுங்கவோ கூடாது; தொண்டையில் நுரைத்து மூச்சை அடைக்கும். அதன் குழாயின் மூடியில் ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கும். எடுத்ததும் இறுக மூடுங்கள், வாராந்திர மாத்திரைப் பெட்டிக்கு மாற்றாதீர்கள். இங்குள்ள ஈரப்பதத்தில் திறந்து வைத்த மாத்திரை புள்ளி புள்ளியாகப் பொருமிவிடும். அப்படிப் பொருமியதும், தண்ணீரில் போட்டால் சோம்பலாக நுரைப்பதும் குப்பைக்கே.

தண்ணீரில் கலைந்துவிடும் மாத்திரை

மாற்று அஸ்பிரின் இந்த வகையாக வரலாம் என்பதால் சொல்கிறேன். இது நுரைக்காது, தெளிவாகக் கரையவும் செய்யாது. கலங்கலாகி, துகள் அடியில் படியும். அதுதான் அதன் இயல்பு. கெட்டுப்போய்விட்டது என்று ஊற்றிவிட வேண்டாம். சிறு மருந்துக் கோப்பையில் 10 மி.லி. தண்ணீர் விட்டு, மாத்திரையைப் போட்டு, ஓரிரு நிமிடம் காத்திருந்து சுழற்றுங்கள். பெரிய டம்ளரில் போட்டால் துகள் அடியிலேயே தங்கிவிடும். அப்பாவுக்கு அதை ஒரு தேக்கரண்டி மசித்த உணவில் கலந்து உடனே கொடுங்கள். கோப்பையை இன்னும் சில மி.லி. விட்டு அலசி, அதையும் அடுத்த கரண்டியில் சேர்த்துவிடுங்கள். அந்தச் சில மி.லி.க்குள் அளவின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டிருக்கும்.

இனி எந்த மருந்தையும் முழுக் கிண்ணக் கஞ்சியில் கலக்க வேண்டாம். அவர் பாதியை வைத்துவிட்டால் எந்த மருந்து எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் இரண்டு கரண்டி மருந்துக்கு, பிறகுதான் சாப்பாடு. ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் பொடியுங்கள். பொடிக்கும் கருவியை ஒவ்வொன்றுக்கும் இடையே கழுவித் துடைத்துவிடுங்கள்.

அம்மாவின் லாந்தனம்

லாந்தனத்தை விழுங்குவது பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அந்த மருந்து உடலுக்குள் சேர்வதற்கல்ல. சாப்பாட்டில் உள்ள பாஸ்பேட்டைக் குடலிலேயே பிடித்து வைப்பதற்கு. மென்று துகளானால்தான் சாப்பாட்டோடு கலக்கும். முழுசாகப் போனால் பாஸ்பேட்டைத் தப்பவிட்டுவிடும், குடலில் கட்டியாகத் தங்கி அடைப்பை உண்டாக்கவும் கூடும். பல்செட் வலித்தால் நன்றாகப் பொடியாக்கிச் சாப்பாட்டின் நடுவிலோ முடித்த உடனேயோ கொடுக்கலாம். இதற்குப் பொடிப்பதே சரியான முறை. வயிற்று வலியும் மலச்சிக்கலும் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்செட் தளர்ந்து உறுத்துகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டையும் அவர் சரியாக மெல்லாமல் இருக்கலாம்.

மருந்து மாறிய பின்

அம்லோடிபின் முழு நிலைக்கு வர ஒரு வாரம் போல ஆகும். முதல் சில நாள் மாலையில் ரத்த அழுத்தம் சற்று உயர்ந்தே இருக்கலாம். காலை மருந்துக்கு முன்பும் மாலை ஆறு மணிக்கும் அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். அந்தத் தாளைத்தான் மருத்துவர் கேட்பார். அளவு உயர்ந்திருக்கிறதே என்று பழைய நிஃபெடிபினையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் சரிவு இன்னும் பலமாக இருக்கும். மீதமுள்ள நிஃபெடிபின், கிளிக்லசைடு எம்.ஆர். அட்டைகளைப் பணிப்பெண் கைபட்டு எடுக்கும் இடத்தில் வைக்காமல், புதிய மருந்து வாங்கப் போகும்போதே கையோடு கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டுங்கள். எது நிறுத்தப்பட்டது, எது தொடர்கிறது, எதைப் பொடிக்கலாம் என்று பணிப்பெண்ணுக்குப் புரியும் மொழியில் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எழுதி வாங்கி வாருங்கள்.